காலி வாரம்

“அப்போ கண் ஆபரேஷனுக்கு அடுத்த மாசம் மூணாவது வாரம்னு ஆஸ்பத்திரிக்குச் சொல்லிடவாம்மா?”

“உனக்குத் தோதுப்படாதாடி?”

“எனக்கு ஏதும்மா நேரம்? அண்ணிக்குத்தான் அந்த வாரம் காலி. சுவத்துல அவங்க ஒட்டின திட்டத்தைப் பாரு, வெள்ளை வெளேர்னு இருக்கு.”

அம்மா கண்ணைச் சுருக்கிச் சுவரைப் பார்த்தாள். புரை விழுந்த கண்ணுக்கு எல்லாமே வெள்ளையாகத்தான் தெரிந்திருக்கும். “அப்ப சரி, சொல்லிடு” என்றாள்.

பாப்பா உடனே போனை எடுத்தாள். முப்பதை நெருங்கியும் வீட்டில் அவள் பாப்பாதான். ஐந்து வருடமாக ஆய்வு மாணவி. தனியாக வசிக்கும் முதியவர்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தாள். இந்த வீட்டிலிருந்து முதலில் டாக்டர் ஆகப் போவது அவள்தான் என்று அப்பா சாகும்வரை ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். அதற்குப் பிறகுதான் அண்ணன் கல்யாணம் பண்ணிக்கொண்டான். வந்த அண்ணி அதே துறையில், அதே வழிகாட்டி மேடத்திடம், நர்சுகளின் இரவுப்பணி பற்றி ஆய்வு செய்ய இவளுக்கு இரண்டு வருடம் கழித்துச் சேர்ந்தாள். அண்ணன் கப்பலுக்குப் போய்விட்டான். வீட்டில் மூன்று பெண்களும் இரண்டு ஆய்வேடுகளும் மிஞ்சின.

மேடம் கோடை முடிந்ததும் நீண்ட விடுப்பில் போகிறார். போகுமுன் ஒருவருடைய முழு வரைவை மட்டும்தான் படிக்க முடியும் என்று இருவரிடமும் சொல்லிவிட்டார். யார் முதலில் கொடுக்கிறார்களோ அவர்களுடையது. மற்றவர் அவர் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் உதவித்தொகையும் நின்றுபோகும்.

மேடம் அதைச் சொன்ன அன்று மாலையே அண்ணி ஒரு பெரிய தாளைச் சுவரில் ஒட்டினாள். முதலில் கடைசி நாளை எழுதினாள். அங்கிருந்து பின்னோக்கி வந்தாள். ஒவ்வொரு அத்தியாயத்தையும் மேடம் படித்துத் தர இரண்டு வாரம் என்று அதற்கும் இடம் விட்டாள். வாரத்துக்கு ஒரு வேலை. அதுவும் சின்ன வேலை: ‘எட்டு நர்சுகளின் பேட்டியைத் தட்டச்சு செய்வது’, ‘இரவுப்பணி அட்டவணையை முடிப்பது’. வெள்ளிக்கிழமை வந்தால் முடிந்ததா இல்லையா என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஒவ்வொரு அத்தியாயத்துக்குப் பின்னாலும் ஒரு வாரத்தை ஒன்றும் எழுதாமல் விட்டாள். ஆக மொத்தம் மூன்று வெள்ளைக் கட்டங்கள்.

“எதுக்கு அண்ணி, தூங்கவா?” என்று பாப்பா கேட்டதற்கு அண்ணி சிரித்தாள், அவ்வளவுதான்.

பாப்பாவும் ஒரு திட்டம் போட்டாள். அதில் ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. ‘மூன்றாம் அத்தியாயம்’, ‘நான்காம் அத்தியாயம்’, ‘முடிவுரை’ என்று வரிசையாகப் போட்டு, உழைக்கிறவளின் திட்டம் இப்படித்தான் இருக்கும் என்று தனக்குள் மெச்சிக்கொண்டாள். முதல் மாதமே காய்ச்சல் வந்து படுத்தாள். அத்தியாயம் மூன்று நகர்ந்து நான்கின் மேல் விழுந்தது, நான்கு முடிவுரையின் மேல் விழுந்தது. எழுந்ததும் புதிய திட்டம் போட்டாள், நான்கு நிறப் பேனாவில். அதை அழகாக வரையவே இரண்டு நாள் ஆனது.

அண்ணியின் முதல் வெள்ளை வாரத்தில் அவள் சோபாவில் காலை நீட்டிக் கதைப்புத்தகம் படித்ததைப் பாப்பா பார்த்தாள். அதற்கு முந்தைய நான்கு நாளும், இரைச்சலில் கெட்டுப்போன ஒரு பேட்டியை மறுபடி எடுக்க அவள் ஆஸ்பத்திரிக்கு அலைந்ததைப் பாப்பா பார்க்கவில்லை. பார்த்தது சோபா மட்டும்தான். வயிறு எரிந்தது. கூடவே அம்மா வேறு பக்கத்து வீட்டில், “என் மருமக வாயே திறக்க மாட்டா, ஆனா வேலை நடந்துகிட்டே இருக்கும்” என்று பெருமை பேசிவிட்டு வந்தாள். அது எரிகிற வயிற்றில் எண்ணெய்.

ஆகவேதான் அம்மாவின் கண் ஆபரேஷன் இரண்டாவது வெள்ளைக் கட்டத்தில் போய் உட்கார்ந்தது.

அண்ணி குதிப்பாள், அழுவாள், குறைந்தது முகத்தையாவது தூக்கி வைத்துக்கொள்வாள் என்று பாப்பா எதிர்பார்த்தாள். அண்ணி சுவருக்குப் போய், வெள்ளைக் கட்டத்தில் ‘அத்தை கண்’ என்று எழுதிவிட்டு வந்தாள். அந்த வாரம் முழுக்க மணி தவறாமல் சொட்டு மருந்து விட்டாள், அத்தையைக் குனிய விடாமல் பார்த்துக்கொண்டாள், அடுத்த திங்கட்கிழமை ஒன்றும் நடக்காததுபோல அடுத்த கட்டத்து வேலையைத் தொடங்கினாள். பாப்பாவுக்கு ஏமாற்றமாக இருந்தது. இவளுக்கு வலிக்கவே வலிக்காதா?

வலித்தது, ஒரு மாதம் கழித்து. மேடம் ஓர் அத்தியாயத்தைத் திருப்பி அனுப்பினார். அண்ணி எடுத்துக்கொண்ட மூன்று ஆஸ்பத்திரிகளில் இரண்டில் ‘இரவுப்பணி’ தொடங்கும் நேரம் வேறு வேறு. அவள் இரண்டையும் ஒன்றாகக் கூட்டியிருந்தாள். அட்டவணைகளை முதலிலிருந்து போட வேண்டும். ஒரு முழு வாரம் ஆகும்.

பாப்பாவின் நெஞ்சில் ஏதோ குபீரென்று பூத்தது. அதை அடக்க முடியாமல் குளியலறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டாள். பிறகு தன் அறைக்கு வந்து தன்னுடைய வரைவைத் திறந்து பக்கங்களை எண்ணினாள். இரண்டு அத்தியாயம் பாக்கி. மேடம் கிளம்ப மீதமிருக்கும் வாரங்களில் ராத்திரி பகலாக எழுதினாலும் ஓர் அத்தியாயம்தான் தேறும். எப்படிக் கூட்டினாலும் அதுதான் விடை. அண்ணி விழுந்தாலும் தான் எழுந்திருக்கப் போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் அந்தச் சந்தோஷம் முழுசாகப் போகவில்லை.

கதவு தட்டப்பட்டது. அண்ணி கையில் தேநீர் இல்லை, தாள் இல்லை, வெறும் கையோடு வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“மூணாவது ஆஸ்பத்திரியைத் தூக்கிட்டேன் பாப்பா.”

“என்ன அண்ணி?”

“அந்தப் பகுதியையே வெட்டிட்டேன். மேடம் சரின்னுட்டாங்க. இதுக்கு மேல வெட்டினா எலும்புதான் மிஞ்சும்.” கண்ணுக்குக் கீழே கருவளையம் தெரிந்தது. “இனிமே கடைசியா ஒரு வெள்ளைக் கட்டம் இருக்கு. அடுத்த வாரம். அட்டவணையெல்லாம் அதுல போட்டுடுவேன்.”

“அப்புறமென்ன?” பாப்பாவின் குரல் அவளுக்கே சுருக்கென்று கேட்டது. “அதுதான் காலியா இருக்குல்ல.”

“காலின்னு யாரு சொன்னா? எனக்கு என்ன வேலை வரும்னு முன்னாடியே தெரியாது, அவ்வளவுதான். அதுக்குத்தான் விட்டு வெச்சேன். போன தடவை வெள்ளையா இருக்கேன்னு நெனச்சிருப்ப. பரவாயில்ல. அத்தை கண்ணு, செய்யத்தானே வேணும்.”

பாப்பா விரல்நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் திட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! பதிலுக்கு நாலு வார்த்தை கத்தியிருக்கலாம்.

“சாயங்காலம் கண் ஆஸ்பத்திரியிலேருந்து கூப்பிட்டாங்க” என்றாள் அண்ணி. “ரெண்டாவது கண்ணுக்கு அடுத்த வாரம்தான் தேதியாம். விட்டா மூணு மாசம் ஆகுமாம். அத்தை நேத்து ஒத்தைக் கண்ணோட படியில தடுமாறினாங்க, பாத்தியா? தள்ளிப்போட மனசு வரல.”

கூடத்தில் அம்மா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தாள். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

“உனக்கும் வேலை மலைமாதிரி கெடக்குன்னு தெரியும். முன்னாடி நான் யார்கிட்டயும் இப்படிக் கேட்டதில்ல.” அண்ணி கட்டில் விரிப்பை ஒரு முறை நீவிவிட்டாள். “அந்த ஒரு வாரம் மட்டும் அத்தை பக்கத்துல நீ இருக்கியா, பாப்பா?”