தபசு காலத்தில் விட்ட மாத்திரை

எனக்கு வாய் நீளம். எழுபத்து நாலாம் வருஷம் என் மனைவி அமலராணியின் வேலை போனது இந்த வாயால்தான்.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் நாலாம் வகுப்பு டீச்சர் அவள். ஜூனில் நிரந்தரமாக வேண்டிய வேலை. காரணமே இல்லாமல் பயம், நெஞ்சுப் படபடப்பு என்று ஒரு வருஷமாக இரண்டு வேளையும் மாத்திரை. போட்ட ஒரு மணி நேரத்தில் கை நடுக்கம் நிற்கும். பிப்ரவரியில் டாக்டர் ஸ்ரீநிவாசராகவன் இன்னொரு மாத்திரையும் சேர்த்தார்.

"இது வேலை செய்ய மூணு நாலு வாரமாகும்மா. கேட்டப்புறம் பழசை நானே குறைக்கிறேன். நீங்களா எதையும் நிறுத்தாதீங்க."

பத்து நாளில் விபூதிப் புதன் வந்தது. எங்கள் வீட்டில் அன்று தொடங்கி ஈஸ்டர் வரை, தபசு காலம் முழுக்க, ஆளுக்கு ஒன்றை விடுவோம். நான் சிகரெட். அவள் கறி என்றாள்.

"கறி விடுறதெல்லாம் ஒரு ஒறுத்தலா ராணி? அந்த மாத்திரைங்கள விடேன் பார்க்கலாம்" என்றேன். மாத்திரைக்காரி புருஷன் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம் எனக்கு. அவள் சிலுவையைப் பார்த்துச் சரி என்றாள்.

இரண்டாம் நாளிலிருந்து தூக்கமில்லை. மூன்றாம் நாள் வேர்த்துக் கொட்டியது, காபி டம்ளர் கையில் நிற்கவில்லை. "முன்னாடி இருந்த பயத்தைவிட இது மோசம்ங்க" என்றாள். பழக்கம் விட்டால் அப்படித்தான், பல்லைக் கடித்துக்கொள் என்றேன். அன்று சாயங்காலமே நான் சிகரெட் பற்றவைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை கரும்பலகையில் வாய்ப்பாடு எழுதும்போது விழுந்தாள். கைகால் வெட்டி, நாக்கைக் கடித்து, நாற்பது பிள்ளைகள் பார்க்க வலிப்பு.

ஊசி போட்டு நிறுத்திய டாக்டர் என்னைத்தான் கேட்டார். "என்னைக்கு நிறுத்தினாங்க?"

சொன்னேன்.

"ஒரு வருஷமா மூளை அந்தப் பழைய மாத்திரைக்குப் பழகியிருக்கு சார். திடீர்னு எடுத்தா இப்படித்தான் வலிப்பு வரும், உயிரே போயிருக்கலாம். மாசக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும். புதுசு கேக்கறதுக்குள்ள அவசரப்பட்டுட்டீங்களே."

அது காக்காய் வலிப்பு இல்லை என்று டாக்டர் எழுதியே கொடுத்தார். பிள்ளைகளின் பெற்றோர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. தலைமை ஆசிரியை அவளை ரெஸ்ட் எடுக்கச் சொன்னார். ஜூனில் நிரந்தர ஆர்டர் வரவில்லை.

இரண்டு மாத்திரையையும் டாக்டர் மறுபடி ஆரம்பித்திருந்தார். ஏப்ரல் தொடக்கத்தில் புதுசு கேட்டது. பழசை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மாத்திரை வீதம் குறைத்து வந்தார். பிளேடால் வெட்டிக் கொடுத்தது நான்தான். பாவிக்கு அந்த வேலையாவது மிஞ்சியது.

பள்ளி திறந்த அன்று காலை எட்டு மணிக்கு, பழக்கத்தில் புடவை கட்டித் தலைவாரி நாற்காலியில் உட்கார்ந்தாள். கையை என் முன் நீட்டினாள்.

"நடுக்கம் இல்ல பாருங்க. சாக்பீஸ் பிடிக்கத்தான் இடமில்ல."