தொட்டித் தண்ணீரில் கமாக்கள்

பெண் பார்க்கிறவர்கள் பெண்ணின் போட்டோவைக் கையில் வாங்கினால் முகத்தைப் பார்ப்பார்கள். மூக்கு, நெற்றி, ரொம்பப் போனால் பின்னலின் நீளம். நம்ம சேஷன் தண்ணீரைப் பார்த்தான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. யானைக்கால் நோயைத் தடுக்கிற ஃபைலேரியா யூனிட்டில் இன்ஸ்பெக்டர் உத்தியோகம். ஊரின் பழைய கோட்டைக்குள் இருக்கிற தெருக்களில் வீடு வீடாகக் கொல்லைத் தொட்டியையும் கிணற்றையும் குனிந்து பார்த்துப் பார்த்து, எது எந்த வீடு என்பதே மறந்துவிடும்.

போட்டோவில் லலிதாம்பாள் கொல்லைக் கல்தொட்டியின் விளிம்பில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு கை மடியில். இன்னொரு கையின் விரல்நுனி தண்ணீரில். விரலைச் சுற்றிக் குட்டிக் குட்டியாகக் கறுப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்.

"அடடா, கொசுவோட கூட்டுப்புழுன்னா இது!" என்றான் சேஷன். "பாருங்கோ மாமா, கமா கமாவா. இன்னும் ரெண்டு நாள்ல அத்தனையும் கொசுவாப் பறந்துடும்."

போட்டோ கொண்டுவந்த நாகேஸ்வரன் மாமாவின் கையில் காபி டம்ளர் அப்படியே நின்றது. சேஷனின் அம்மா சீதாலக்ஷ்மி பதறிப்போனாள். கொசு என்றால் யானைக்கால். பக்கத்து வீட்டில் வீங்கின காலோடு ஒருவர் நடக்கிறதைத் தினமும் பார்க்கிறவள் அவள்.

"கொசு வளக்கற ஆத்துலேருந்து பொண்ணா? வேண்டவே வேண்டாம். இப்போ ராகுகாலம், சாயங்காலமே வந்து போட்டோவைத் திருப்பி எடுத்துண்டு போயிடுங்கோ."

மாமா போன பிறகுதான் சேஷன் சாவகாசமாக முகத்தைப் பார்த்தான். பார்த்தவன் பார்த்தபடியே இருந்துவிட்டான். அவள் காமிராவைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டு ஓரத்தில் ஒரு சிரிப்பு, யாரிடமோ ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி. மனசுக்குள் என்னமோ இடம் பெயர்ந்தது. அட பாவி, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

போட்டோவைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனான். வெளியே மழை வருவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. லாபில் ஜன்னலோரம் போட்டோவை வைத்து, கைலென்ஸை எடுத்துக் குனிந்தான். லென்ஸுக்குள் தண்ணீர் பெரிதாயிற்று. அவனுக்கே அதில் இறங்கினாற்போல இருந்தது. சத்தமெல்லாம் தூரப் போய்விட்டது. மேலே எங்கேயோ அவள் முகம் கலங்கலாக மிதந்தது.

முதலில் தொட்டி ஓரத்தில் இருந்த கோடுகளைப் பார்த்தான். கூட்டுப்புழுவுக்கு முந்தின பருவமான கூத்தாடிப் புழுவா? கூத்தாடி வால்நுனிக் குழலை நீர்மட்டத்தில் ஒட்டிக்கொண்டு, தலைகீழாகச் சாய்ந்து தொங்கும், மார்பு புடைத்திருக்கும். இந்தக் கோடுகள் ஒரே பருமன், ஒரு முனை கல்லோடு ஒட்டியிருக்கிறது. பாசி. வெறும் பாசி.

அப்புறம் அந்தக் கமாக்கள். கூட்டுப்புழு என்றால் தலையும் மார்பும் ஒரே உருண்டையாகத் திரண்டிருக்கும். உருண்டையின் மேலே இருக்கிற இரண்டு சின்னக் குழலால் நீர்மட்டத்தைத் தொட்டு மூச்சு விடும். வால் உருண்டைக்கு அடியில் சுருண்டு கிடக்கும். இவை நீர்மட்டத்தைத் தொடவில்லை. ஒரு நூல் அளவு கீழே, படுக்கைவாட்டில் நின்றன. இரண்டொன்று வளைந்திருந்தன, மற்றதெல்லாம் நேர்வால். அவள் நகத்தோடு ஒப்பிட்டால் இவை கூட்டுப்புழுவைவிட நீளம்.

இன்னொன்றும் இருந்தது. அவள் நிழல் தண்ணீரில் விழுந்திருந்தது. நிழல் விழுந்தால் கூத்தாடியும் கூட்டுப்புழுவும் துள்ளித் துடித்து அடிக்குப் போகும். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால் மேலே திரும்பிவிடும் என்பதும் அவனுக்குத் தெரியும்; அதனால் நிழலை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் திரும்பி வருகிறது கண்ட இடத்தில் கண்டபடி நிற்கும். இவற்றின் தலைகள் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பியிருந்தன, அவள் விரலைப் பார்த்து. ஒவ்வொரு தலையிலும் பக்கத்துக்கு ஒன்றாகப் பெரிய கறுப்புக் கண். வாலின் நுனியில் சாம்பல் நிழலாக ஒரு விசிறி. துடுப்பு கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்ததால் வெறுங்கண்ணுக்குத் தெரியவில்லை.

"மீன்குஞ்சு!" என்று கத்திவிட்டான்.

மருந்தடிக்கப் போகப் பம்பைத் துடைத்துக்கொண்டிருந்த யூனிட் ஆள் தளவாய் திரும்பிப் பார்த்தான். "என்ன சார், மீனா? மத்தியானச் சோறு வந்துட்டா?"

"கப்பிக் குஞ்சு தளவாய்! நாம கிணத்துல விடறோமே, கூத்தாடியைத் திங்கற மீன். பொறந்து ரெண்டு மூணு நாள்தான் ஆயிருக்கும்."

"அதுக்கு ஏன் சார் முகமெல்லாம் இப்படி வேர்க்குது?" என்றான் தளவாய். அதற்குள் சேஷன் சைக்கிளை எடுத்துவிட்டான்.

லலிதாம்பாளின் அப்பா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். நாகேஸ்வரன் மாமாவின் வாய் சைக்கிளைவிட வேகம். சேதி அவனுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது.

"வாங்கோ இன்ஸ்பெக்டர் சார். நம்மாத்துல கொசு வியாபாரமாக்கும் நடக்கறது. பாத்துட்டு லைசென்ஸ் குடுங்கோ."

"தப்பாச் சொல்லிட்டேன் மாமா," என்றான் சேஷன். "அது கூட்டுப்புழு இல்லை, மீன்குஞ்சு. எங்க அம்மாகிட்டயும் சொல்லிடறேன். மன்னிச்சுக்கோங்கோ. ஒரு தடவை தொட்டியைப் பாத்துட்டுப் போயிடறேன்."

அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். கெஞ்சுகிற முகம் அவருக்கு நன்றாகத் தெரியும் போலிருக்கிறது. "லலிதா, தொட்டியைக் காட்டு," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துவிட்டு, அவனோடு கொல்லைக்கட்டு வரைக்கும் நடந்து வந்து அங்கேயே நின்றுகொண்டார்.

கொல்லையில் மழைக்கு முந்தின வெளிச்சம், எல்லாவற்றையும் நனைத்து வைத்தாற்போல. அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீஸ் வேலையிலிருந்து அரைநாள் லீவில் வந்திருந்த லலிதாம்பாள் தொட்டிப் பக்கத்தில் நின்றாள். சேஷன் வழக்கம்போலக் குனிந்தான். நிழல் விழுந்ததும் தண்ணீருக்குள் ஒன்றுகூட அடிக்கு ஓடவில்லை. குஞ்சுகள் எல்லாம் கும்பலாக அவன் பக்கம் வந்தன. பின்னாலேயே, வாலில் மயில்நிறப் பொட்டு வைத்த கப்பிகள்.

"சோத்துப் பருக்கை போடுவேன்," என்றாள் அவள். "நிழலைக் கண்டா நான்னு நெனச்சுண்டு வரதுகள்."

"இதுகள் எங்கேருந்து கெடைச்சது?"

அவள் உள்ளே போய் ஒரு பித்தளைக் கிண்ணத்தை எடுத்துவந்து நீட்டினாள். சேஷன் குனிந்தபடியே வாங்கினான். விளிம்பில் நசுங்கல் இருந்த கிண்ணம். கை அதை முன்னாலேயே அறிந்திருந்தது. சித்திரை வெயிலில் ஏதோ ஒரு கொல்லை; தகர டப்பாவில் மீன்; கொட்டுவதற்கு முன் எண்ணிப் பார்க்க "ஒரு கிண்ணம் தாங்கோ" என்று அவன் கேட்டது; யாரோ நீட்டியது. நீட்டிய கையில் இரண்டு கறுப்பு வளையல் இருந்தது மட்டும் ஞாபகம்.

வளையல் இப்போதும் இருந்தது.

"அன்னிக்கும் நீங்க தண்ணியைத்தான் பாத்துண்டிருந்தேள்," என்றாள் லலிதாம்பாள். குரல் தணிந்துவிட்டது. "போட்டோ உங்காத்துக்குப் போறதுன்னு அப்பா சொன்னார். தொட்டிகிட்டதான் எடுக்கணும்னு நான்தான் அடம் பிடிச்சேன். எப்படியும் என்னைப் பாக்க மாட்டேள்னு தெரியும். உங்க மீனையாவது அடையாளம் தெரிஞ்சுப்பேள்னு நெனச்சேன்."

முதல் தூறல் தொட்டியில் விழுந்து குஞ்சுகள் கலைந்தன. சேஷன் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி தலையை நிமிர்த்தி, தண்ணீரை விட்டுவிட்டு, முதல் தடவையாக நேரில் அவள் முகத்தைப் பார்த்தான்.