சத்தம் நின்ற மருந்துக்கடை

சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் துருத்திக்கொண்டிருந்ததால் தெருவில் எல்லோரும் அவனை டெஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். நாற்பது வயதாகியும், தலை முன்பக்கம் வழுக்கை விழுந்தும் அந்தப் பெயர் மாறவில்லை. வயரிங், மோட்டார், இன்வெர்ட்டர் என்று எதற்கும் அவனைத்தான் தேடுவார்கள். கைராசிக்காரன் என்று பெயர் வாங்கியிருந்தான்.

அந்த வருடக் கோடையில் பகலில் ஐந்து மணி நேரம், ஆறு மணி நேரம் என்று கரண்ட் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் காலை பதினோரு மணிக்குத் தெருமுனை மருந்துக்கடைக்காரர் போன் செய்தார்.

"யப்பா, உடனே வா. இந்த இன்வெர்ட்டர் கத்திக் கத்தி என் உசுரை வாங்குது."

டெஸ்டர் போனபோது கடைக்குள் புழுங்கியது. மின்விசிறிகள் அசையாமல் தொங்கின. கல்லாவுக்குப் பின்னால் இருந்த இன்வெர்ட்டர் 'கீ... கீ... கீ...' என்று கத்திக்கொண்டிருந்தது. ஓவர்லோடு விளக்கு சிவப்பாக எரிந்தது. கடையில் மருந்து எடுத்துக்கொடுக்கும் அம்மாள் சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டே சொன்னார்.

"கரண்ட் போனதும் கத்தும், எல்லாம் அணையும். தானா திரும்ப வரும், மறுபடி கத்தும். நாலு தடவை இப்படி ஆட்டம் போட்டுட்டு மொத்தமா படுத்துடும்."

டெஸ்டர் முதலில் பேட்டரியைப் பார்த்தான். தண்ணீர் சரியாக இருந்தது. முனைகளில் தளர்வில்லை. பிறகு எது எது அந்த லைனில் ஓடுகிறது என்று எண்ணினான். இரண்டு மின்விசிறி, மூன்று விளக்கு, ஒரு கம்ப்யூட்டர், மருந்து வைக்கும் ஃப்ரிட்ஜ். கூட்டிப் பார்த்தால் இன்வெர்ட்டர் தாங்க வேண்டிய சுமைதான். ஃப்ரிட்ஜின் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு இன்வெர்ட்டரை மறுபடி போட்டான். விசிறிகள் சத்தமில்லாமல் சுற்றின. ஐந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பிறகு ஃப்ரிட்ஜைச் செருகினான். விளக்கு ஒரு முறை மங்கியது, அவ்வளவுதான். ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. இன்வெர்ட்டர் வாயைத் திறக்கவில்லை.

"பாத்தீங்களா சார்? ஓடும்போது ஃப்ரிட்ஜ் சாது. கிளம்பும்போதுதான் ராட்சசன். கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆகிற அந்த ஒரு நொடிக்கு அஞ்சாறு மடங்கு கரண்ட் இழுக்கும். அதுவும் கரண்ட் போன கையோட உடனே கிளப்பினா, உள்ளே கேஸ் அழுத்தம் இறங்கியிருக்காது. மூச்சு முட்டித் திணறும், இன்னும் இழுக்கும். அதுல இன்வெர்ட்டர் அணைஞ்சு திரும்பி வருதில்ல, அப்ப நின்னு போன ஃபேனும் சேர்ந்து கிளம்புது. எல்லாம் ஒரே வாசல்ல முண்டியடிக்குது. அதான் கத்துது."

"அதுக்கு என்ன வழி?"

"ஃப்ரிட்ஜ் லைன்ல டைம் டிலே டப்பா ஒண்ணு மாட்டணும். லைட் கண் சிமிட்டினாலே அது ஃப்ரிட்ஜை நிறுத்திடும். ஃபேன் பாட்டுக்கு ஓடும். அஞ்சு நிமிஷம் கழிச்சு ஃப்ரிட்ஜ் தனியா கிளம்பும். டவுன்ல கிடைக்கும். நாளைக்கு வாங்கிட்டு வந்து மாட்டுறேன்."

"நாளைக்கா? இன்னைக்கு முழுக்க இந்த ஒப்பாரியை யார் கேக்கிறது? ஃப்ரிட்ஜை இதுலேர்ந்து கழட்டி விட்டுடு. கரண்ட் இருக்கும்போது மட்டும் ஓடட்டும்."

மருந்து எடுத்துக்கொடுக்கும் அம்மாள் திரும்பினார். "சார், உள்ளே இன்சுலின் இருக்கு."

"கதவைத் திறக்காம வச்சா குளிர் எங்கேயும் ஓடிப் போயிடாது. நீங்க உங்க வேலையைப் பாருங்க."

ஒரு நாளைக்கு நூறு தடவை திறக்கிற கதவு அது என்று டெஸ்டருக்குத் தெரியும். ஆனால் அடுத்த தெருவில் ஒரு மாடி வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்று மூன்று முறை போன் வந்துவிட்டது. நாளைக்கு டப்பாவோடு வந்து மாற்றிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு, பத்தே நிமிடத்தில் ஃப்ரிட்ஜின் வயரை இன்வெர்ட்டர் லைனிலிருந்து எடுத்து, நேராகத் தெருக் கரண்ட் லைனில் கொடுத்தான். சத்தம் நின்றது. மறுநாள் போன் செய்தான். "இப்பதான் நிம்மதியா இருக்கு, நீ ஏன்பா அதைத் திரும்பக் கிளறுறே?" என்றார் கடைக்காரர். இரண்டாம் முறை டெஸ்டர் கேட்கவில்லை.

டெஸ்டருக்கு ஒரே அக்கா. அதே தெருவில், வீட்டின் முன் அறையில் தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைப்பாள். ஒன்பது வருடமாகச் சர்க்கரை. காலையும் மாலையும் தனக்குத் தானே இன்சுலின் போட்டுக்கொள்வாள். ஊசி விஷயத்தில் அவள் மணி தவறியதில்லை. அந்தக் கோடை முடியும்போது அவளுடைய சர்க்கரை இருநூற்றைம்பதைத் தாண்டி, முந்நூற்றைத் தாண்டிப் போனது. டாக்டர் அளவைக் கூட்டினார். அப்படியும் இறங்கவில்லை. மறுபடி கூட்டினார்.

"என்னம்மா, வாயைக் கட்டுறதில்லையா?" என்றார் டாக்டர்.

அந்த ஒரு கேள்வி போதுமாயிருந்தது. வீட்டுக்கு வந்ததும் அவள் கணவர் அலமாரியைச் சோதித்தார். மெஷின் இழுப்பறையைத் திறந்து, நூல்கண்டுகளுக்கு நடுவே மிட்டாய்க் காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று கிளறினார். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததே அவருக்குச் சந்தேகத்தை வளர்த்தது. டெஸ்டரைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"உங்க அக்கா எங்கேயோ ஒளிச்சு வச்சுத் தின்றா. நான் சொன்னா அழறா. நீ கேளு மாப்ள."

டெஸ்டர் கேட்டான். கேட்டான் என்பதைவிட, திட்டினான்.

"சின்னக் குழந்தையாக்கா நீ? திருட்டுத்தனமா தின்னுட்டு ஊசி மேல ஊசி போட்டா உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

அக்கா மெஷினை நிறுத்தினாள். "உன் மேல சத்தியமா நான் எதையும் தொடலைடா."

"சத்தியம் பண்ணா சர்க்கரை இறங்கிடுமா?"

அவள் மறுபடி மெஷினை மிதித்தாள். அன்றிலிருந்து பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவாள். இளைத்துப் போனாள். மெஷினின் இரும்புப் பெடலில் இடித்து, வலதுகால் சுண்டுவிரலில் ஏற்பட்ட சிறு காயம் ஆறவே இல்லை. விரல் கறுத்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது விரலை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள்.

அறுவை முடிந்து மூன்றாம் நாள் காலை அது நடந்தது. வீட்டிலிருந்து கொண்டுவந்த மருந்து தீர்ந்துவிட்டதால், வார்டில் இருந்த நர்ஸ், சீட்டில் எழுதியிருந்த வழக்கமான அளவு இன்சுலினை ஆஸ்பத்திரி மருந்திலிருந்து போட்டாள். சாப்பாட்டைப் பாதி முடித்தபோதே அக்காவுக்கு வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, பேச்சு குழறியது. பார்த்தால் சர்க்கரை ஐம்பதுக்குக் கீழே. ஓடிவந்து குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

அக்கா கண் விழித்ததும் நர்ஸ் கேட்டாள். "இதே அளவுதானேக்கா வீட்லயும் போட்டீங்க? அங்கே முந்நூறு, இங்கே ஐம்பது. வீட்டு மருந்து எங்கே வாங்குறீங்க? அந்தக் கடையில கரண்ட் போனா ஃப்ரிட்ஜ் ஓடுமா?"

டெஸ்டர் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தான். "நம்ம தெருமுனைக் கடையிலதான்," என்றாள் அக்கா.

டாக்டர் உறுதியாக எதையும் சொல்லவில்லை. "இருக்கலாம். சூட்டுல கிடந்தா மருந்து வீரியம் குறையும். கிருமி பரவினதாலயும் சர்க்கரை ஏறியிருக்கலாம். இப்ப சாப்பாடும் குறைவு. இதுதான் காரணம்னு என்னால எழுதித் தர முடியாது."

டெஸ்டர் அங்கிருந்து நேராக டவுனுக்குப் போனான். டைம் டிலே டப்பாவை வாங்கிக்கொண்டு மருந்துக்கடைக்குள் நுழைந்தபோது, மருந்து எடுத்துக்கொடுக்கும் அம்மாள் அங்கே இல்லை. வேறு கடைக்குப் போய்விட்டாராம்.

"சார், ஃப்ரிட்ஜ்ல இருக்கிற பழைய இன்சுலினை எல்லாம் எடுத்து வெளியே போடுங்க. எங்கக்காவுக்கு விரல் போயிடுச்சு."

கடைக்காரரின் முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எதை வச்சு என் மருந்தைச் சொல்றே? சர்க்கரைக்காரங்களுக்கு விரல் போறது உலகத்துல நடக்காததா? சரி, அப்படியே வச்சுக்குவோம். வயரைக் கழட்டினது யாரு? நானா?"

டெஸ்டர் ஏணியைப் போட்டான். ஃப்ரிட்ஜைத் திரும்ப இன்வெர்ட்டர் லைனுக்குக் கொண்டுவந்து, நடுவே டப்பாவை மாட்டினான். மெயினை அணைத்துச் சோதித்தான். விளக்கு சிமிட்டியது. ஃப்ரிட்ஜ் பேசாமல் நின்றது. விசிறிகள் ஓடின. ஐந்து நிமிடம் கழித்து டப்பாவுக்குள் 'டக்' என்றது, கம்ப்ரஸர் தனியாகக் கிளம்பியது. மூன்று முறை அப்படியே செய்து பார்த்தான். இன்வெர்ட்டர் கத்தவில்லை.

"இவ்வளவு சுலபமா?" என்றார் கடைக்காரர். "அன்னைக்கே செஞ்சிருக்கலாமேப்பா!"

மருந்துகளை எடுத்துவிடுவதாகச் சொன்னார். எடுத்தாரா என்று டெஸ்டருக்குத் தெரியாது.

அன்று மாலை அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னான். வயரைத் தன் கையால் மாற்றியதையும் சொன்னான். அவள் கட்டுப்போட்ட காலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தான்.

"உன் மாமாகிட்ட சொல்லு," என்றாள். "நான் திருடித் தின்னலைன்னு சொல்லு."

சொன்னான். மாமா, "அப்ப இழுப்பறையைக் கிளறினேனே..." என்று மட்டும் சொன்னார். பிறகு அவருடைய கோபம் முழுவதும் மைத்துனன் மேல் திரும்பியது. "கைராசிக்காரன்!" என்றார்.

மருந்து ஆய்வாளருக்கு டெஸ்டரே புகார் எழுதினான். தான் செய்த வேலையையும் மறைக்காமல் எழுதினான். பதினெட்டு நாள் கழித்து அதிகாரி வந்தார். டெஸ்டரும் கடை வாசலில் நின்றான். சரியாக அப்போது கரண்ட் போனது. விசிறிகள் சுற்றின. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருந்தார். ஐந்தாவது நிமிடம் ஃப்ரிட்ஜ் கிளம்பியது. உள்ளே இருந்த வெப்பமானி நான்கு டிகிரி காட்டியது. பெட்டிகளெல்லாம் புதுச் சரக்கு.

"பிரமாதமா இருக்கே," என்றார் அதிகாரி. "பாதிக் கடைகள்ல இந்த வசதியே கிடையாது. யார் செஞ்சது?"

கடைக்காரர் வாசலைக் கைகாட்டினார்.

"நீங்களேதான் கழட்டுனீங்க, நீங்களேதான் மாட்டுனீங்க. நான் யார் மேல என்ன எழுதட்டும், சொல்லுங்க?" என்றார் அதிகாரி. குறை ஏதும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

டெஸ்டர் அக்கா வீட்டுக்குப் போனான். அவள் மெஷினில் உட்கார்ந்து, இடதுகாலை மட்டும் பெடலில் வைத்து மிதித்துப் பழகிக்கொண்டிருந்தாள். தையல் கோணலாகப் போயிருந்தது. பிரித்துக்கொண்டிருந்தாள். அதிகாரி எழுதியதை அவன் சொல்லி முடிக்கும்வரை தலை நிமிரவில்லை.

"மெஷினுக்கு ஒரு மோட்டார் மாட்டித் தர்றேன்கா. காலே வேண்டாம்."

"வேண்டாம்," என்றாள். "அதுக்கு வேற ஆள்கிட்ட சொல்லியிருக்கேன்."