பூருல்கானுக்கு மூன்றாவது அழைப்பு

ராணி மாதிரி உபசரிக்கப்பட்ட ஒரு பெண் ஏன் மறுபடி வர மாட்டேன் என்கிறாள்? கிர்கிஸ்தான் மலையூரான சாரி-தோஷின் நூலகர் கனிஷாய்க்கு அது விளங்கவே இல்லை.

நூலகச் சுவரில் புகைப்படம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து பேச வந்த பனியாற்று ஆய்வாளர் பூருல்கான், வெல்வெட் சபான் அங்கி போர்த்தி, ஊர்த்தலைவர் ஜோல்டோஷ்பெக்குக்குப் பக்கத்தில் நிற்கிறார். பின்னால் அரங்கம் நிறையக் கூட்டம். அப்போது கனிஷாய் கரகோல் நகர மருத்துவமனையில் அம்மாவின் கட்டிலருகே இருந்தாள். ஊர் சொன்னதைத்தான் கேட்டிருக்கிறாள்: ஆடு அடித்தோம், மரியாதைக்குரிய இடுப்பெலும்புத் துண்டை அவருக்கே வைத்தோம், கார் வரைக்கும் கூடவே போய் வழியனுப்பினோம்.

இப்போது கனிஷாய் இரண்டு அழைப்புகள் அனுப்பியிருந்தாள். தலைப்பு: இயற்கையும் நாமும். கேட்பவர்கள்: நானூறு பேர். தேதி: ஜூன் பன்னிரண்டு, பதினான்கு, இருபது, எது வசதியோ அது. நாங்கள் தருவது: விருந்து, சபான், நினைவுப் பரிசு. முதலாவதற்குப் பதிலே இல்லை. இரண்டாவதற்கு ஒரே வரி: 'இயலாது, மன்னிக்கவும்.'

அவளுக்கு அவசரம் இருந்தது. ஓடை மலையிலிருந்து இறங்கி விசிறி போல விரியும் கல்தரையில் ஊராட்சி வீட்டுமனை பிரிக்கப் போகிறது. அவள் தம்பி எர்மெக் மனு போட்டுவிட்டு, செங்கல்லும் இறக்கிவிட்டான். அவனுக்கு மூன்று குழந்தைகள். அந்தக் கல்தரையின் மேல்முனையில்தான் தேனீ வளர்த்த மிர்சாகானும் அவன் மனைவியும் குடியிருந்தார்கள். பூருல்கான் வந்துபோன அதே கோடையில், ஒரு மதியம் சேறும் பாறையுமாக வந்த வெள்ளம் இருவரையும் கொண்டுபோனது.

"அது அவங்க விதி, அக்கா," என்றான் எர்மெக். "அவங்க ஓடைக்குள்ளயே உக்காந்திருந்தாங்க. எனக்கு வர்ற மனை எங்கயோ தள்ளி. மேல ஏரி உடைஞ்சுதான் வெள்ளம் வந்துச்சுங்கிறாங்க, போன செப்டம்பர்ல நானே மேல ஏறிப் பாத்தேன். ஏரியும் இல்ல, குட்டையும் இல்ல, வெறும் சரளைக்கல்லு. நான் வீடு கட்டுறது உனக்குப் பொறுக்கல, அப்படித்தானே?"

அவள் அன்றைக்கே பூருல்கானின் எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தாள்.

"சாரி-தோஷா?" என்றது குரல். "என்ன, இந்தத் தடவை ரெண்டு ஆடா?"

"அக்கா, எங்ககிட்ட என்ன குறைன்னு சொல்லுங்க. திருத்திக்கிறோம்."

"குறையா? ஒரு குறையும் இல்லம்மா. காலையில பத்து மணிக்கு வந்தேன். டீ. அப்புறம் இன்னொரு வீட்டுல டீ. தலைவர் வாழ்த்து, துணைத்தலைவர் வாழ்த்து, பள்ளிக்கூடப் பிள்ளைங்க டான்ஸ். கறி வெந்தாச்சு, ஆறிடும், முதல்ல சாப்பிடுங்கன்னாங்க. சாப்பிட்டு முடிச்சப்போ நாலு மணி. எனக்குக் கிடைச்சது எட்டு நிமிஷம். முன்னாடி யாரு? அஞ்சாங்கிளாஸ் பிள்ளைங்க, ஆஸ்பத்திரி நர்ஸுங்க. வராட்டி சம்பளத்துல பிடிப்போம்னு மிரட்டிக் கூட்டிட்டு வந்த கூட்டம். ஏரி எப்படி உடையும்னு படம் போட்டேன். ஒருத்தன் கொட்டாவி விட்டான். தலைவர் சபானைப் போத்தினாரு. போட்டோ எடுத்தாச்சு."

கனிஷாயின் கண் சுவரிலிருந்த புகைப்படத்துக்குப் போனது.

"அந்தத் தேனீக்காரன் கூட்டத்துக்கு வரல. ஏன் தெரியுமா? எனக்குக் கறி வெட்ட அவனைத்தான் போட்டிருந்தாங்க."

கனிஷாய் கேட்டாள். "ஏரியே இல்லன்னு என் தம்பி சொல்றான். அவனே போய்ப் பாத்திருக்கான்."

"எப்போ பாத்தான்?"

"செப்டம்பர்ல."

பூருல்கானின் குரல் மாறியது. கசப்பு அப்படியேதான் இருந்தது. ஆனால் விஷயத்தைச் சொல்லத் தொடங்கியதும் அது விறுவிறுப்பானது. பனியாற்றின் காலடியில், கற்குவியலுக்குள் பழைய பனிக்கட்டி புதைந்து கிடக்கிறது. உருகும் நீர் அதற்குள் குடைந்த சுரங்கம் வழியாக வெளியேறும். சில வருடம் சுரங்கம் இடிந்து அடைத்துக்கொள்ளும். மே கடைசியில் அங்கே ஏரி பிறக்கும். ஜூலையில் தண்ணீரின் எடையே அடைப்பைத் தள்ளிவிடும். ஒரே நாளில் காலியாகிவிடும். செப்டம்பரில் போனால் சரளைதான் தெரியும்.

"அப்போ முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"வெயில் கொளுத்தும்போது ஓடை பெருகணும். பெருகாம திடீர்னு இளைச்சா, மேல அடைச்சிருக்குன்னு அர்த்தம். அதை யாரு பாப்பாங்க? கோடை மேய்ச்சலுக்குப் போற ஆட்டுக்காரன் பாப்பான். நீ என்னைக் கூப்பிட்டது ஜூனுக்கு. அப்போ அவன் மேல இருப்பான், நான் வேறொரு பனியாத்து மேல இருப்பேன். உன் நானூறு பேர்ல மனைக்குக் கையெழுத்துப் போடுற ஆள் எத்தனை பேரு?"

கனிஷாய் எண்ணிப் பார்த்தாள். ஊர்த்தலைவரைத் தவிர ஒருவரும் இல்லை.

மறுநாள் அவள் ஜோல்டோஷ்பெக்கின் அறைக்குப் போனாள். பேச்சுக்கு முன்னால் விருந்து வேண்டாம், மேய்ப்பர்களும் மனைக்காரர்களும் மட்டும் போதும் என்றதும் அவர் முகம் சிவந்தது.

"விருந்தாளி வந்து வெறும் வயித்தோட பேசணுமா? நாளைக்கு அக்கம்பக்கத்து ஊர்க்காரன் என்ன சொல்லுவான்? ஜோல்டோஷ்பெக் வீட்டுல ரொட்டி இல்லைம்பான்."

"சொல்லட்டும் அண்ணே. போன தடவை ரெண்டு பேரை அடக்கம் பண்ணினோம். அதுக்கு அக்கம்பக்கம் என்ன சொல்லுச்சு?"

"வெள்ளத்தை நானா அனுப்பினேன்?"

"இல்ல. ஆனா மனைப் பத்திரத்துல உங்க கையெழுத்துதான் இருக்கும். அந்த ஆய்வாளர் வராம, தண்ணி வந்துச்சுன்னா, அந்தக் காகிதத்தை எல்லாரும் தேடி எடுப்பாங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார். "அரங்கம் காலியா இருந்தா மாவட்டத்துக்கு என்ன போட்டோ அனுப்புறது?" என்றார். அவருக்கு வலித்தது அதுதான்.

"அனுப்பு. என்னமோ பண்ணு," என்றார் கடைசியில். "ஆனா அழைப்புல என் பேரு வேண்டாம்."

அன்று மாலை எர்மெக்கின் முற்றத்தைக் கடந்து வந்தாள். அவன் செங்கல் அடுக்கின்மேல் தார்ப்பாய் போட்டுக்கொண்டிருந்தான். இவளைப் பார்த்தும் நிமிரவில்லை. தான் சொல்லி இவன் கேட்கப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். பனியைத் தொட்டுப் பார்த்த ஒருவர் எதிரே உட்கார்ந்து சொன்னால் ஒருவேளை கேட்பான்.

ஏப்ரல் பிற்பாதியில் மேய்ச்சல் குழு கூடும். மந்தைகளை எந்த நாளில் மேலே ஏற்றுவது என்று முடிவு செய்யும் கூட்டம். எல்லா ஆட்டுக்காரர்களும் அதற்கு வருவார்கள், யாரும் மிரட்ட வேண்டியதில்லை. கனிஷாய் குழுத்தலைவரைப் பார்த்து, மனைக்கு மனு போட்டவர்களையும் ஊராட்சி உறுப்பினர்களையும் அதே கூட்டத்துக்கு அழைக்கச் சம்மதம் வாங்கினாள். மூன்று தேதிகளைச் சொல்லி, அவற்றில் எதிலும் கூடலாம் என்றார் அவர். மனை வாக்கெடுப்பை அங்கேயே வைத்துக்கொள்ள ஊராட்சி உறுப்பினர்களும் ஒப்புக்கொண்டார்கள். பிறகு நூலகத்தில் உட்கார்ந்து மூன்றாவது அழைப்பை எழுதினாள். வணக்கத்துக்குப் பிறகு புகழ்ச்சி எதுவும் எழுதவில்லை.

'தலைப்பு: எங்கள் ஓடைக்கு மேலே பிறக்கும் ஏரியும், கல்தரையில் பிரிக்கப்படும் மனைகளும். கேட்பவர்கள்: முப்பத்தைந்து பேர். மேய்ப்பர்கள், மனு போட்டவர்கள், மனைக்கு வாக்களிக்கும் ஏழு பேர். வேறு யாரும் இல்லை. தேதி: ஏப்ரல் பதினெட்டு, பத்தொன்பது, இருபத்தைந்து, நீங்கள் சொல்லும் நாளில் குழு கூடும். நாங்கள் தருவது: போகவர வண்டி, ஒரு இரவு தங்க அறை, நூலக நிதியிலிருந்து எட்டாயிரம் சோம், மறுநாள் பனி உருகி விலகிய இடம் வரை மலையேறக் குதிரையும் ஆளும். பேச ஒன்றரை மணி நேரம், கேள்விக்கு ஒரு மணி நேரம். மனை வாக்கெடுப்பு உங்கள் பேச்சு முடிந்த பிறகு, அதே அறையில். வாழ்த்துரை கிடையாது. சபான் கிடையாது.'

பதில் அன்றைக்கே வந்தது. 'ஏப்ரல் இருபத்தைந்து. சாப்பாடு?'

கனிஷாய் எழுதினாள்: 'வாக்கெடுப்பு முடிந்த பிறகுதான் ஆடு அடிப்போம்.'