லாக்-இன் முடிந்த நாள்

ராஜாஜிநகர் மாடி வீட்டைக் காலி செய்துவிட்டு மந்தாகினி சாவியை நீட்டினாள். வீட்டுக்காரர் குருசித்தப்பா அட்வான்ஸைத் திருப்பித் தரக் கணக்குச் சொன்னார்.

"பெயிண்ட்டுக்கு ஒரு மாச வாடகை, நோட்டீஸுக்கு ரெண்டு மாசம் பிடிச்சுக்குவேன்மா. ஆறு மாச லாக்-இன் முடிஞ்சப்புறம்தானே நோட்டீஸே கொடுக்கணும்?"

மந்தாகினிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கையெழுத்துப் போடும் முன்பே அக்ரிமென்ட்டை வரி விடாமல் படித்தவள் அவள்.

"சார், லாக்-இன்னா ஆறு மாசத்துக்கு முன்னாடி காலி பண்ணக் கூடாதுன்னுதான் இருக்கு. நோட்டீஸ் கொடுக்கக் கூடாதுன்னு எங்க இருக்கு? நாலாம் மாசம் முடிஞ்ச அன்னிக்கே ரெண்டு மாச நோட்டீஸ் எழுதிக் கொடுத்தேன், நீங்களும் கையெழுத்துப் போட்டு வாங்கினீங்க. லாக்-இன், நோட்டீஸ் ரெண்டும் இன்னிக்கோட முடியுது."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அக்ரிமென்ட்டில் அந்த வரியை இரண்டு முறை படித்தார்.

"இத்தனை வருஷமா எல்லார்கிட்டயும் இப்படித்தானே பிடிச்சேன். யாரும் கேக்கலையே!"

"படிச்சிருக்க மாட்டாங்க. பெயிண்ட் காசை எடுத்துக்குங்க, அது நான் ஒத்துக்கிட்டது. ஆனா பெயிண்ட் அடிங்க. எனக்கு முன்னாடி இருந்தவர்கிட்ட பிடிச்ச காசுக்கு இங்க காலண்டர்தான் மாட்டியிருந்தீங்க."

சொல்லிக்கொண்டே அவள் காலண்டரைக் கழற்றினாள். பின்னால் சுவர் ஈரத்தில் கறுத்துப் பொரிந்து கிடந்தது.

வீடு பார்க்க வந்து வாசலில் நின்றிருந்த தம்பதி எட்டிப் பார்த்தார்கள்.

"நாளைக்கே பெயிண்ட்டர் வர்றான்," என்றார் குருசித்தப்பா, அவர்களைப் பார்த்து.

"முதல்ல அக்ரிமென்ட்டைக் காட்டுங்க சார்," என்றாள் அந்தப் பெண்.