தியேட்டரில் விழுந்த புள்ளி

"பெலிக்ஸ், இப்ப எங்க இருக்கீங்க?"

"டாக்டரைப் பாக்க உக்காந்திருக்கேன் சார். எனக்கு முன்னாடி இன்னும் கூட்டம் இருக்கு."

"ரிப்போர்ட்டுல நீங்க காலையில இருந்து தியேட்டர்ல இருக்கீங்க."

பெலிக்ஸ் ஆஸ்பத்திரி நடைக்கூடத்தின் மர பெஞ்சில், மருந்து சாம்பிள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு குழந்தை விடாமல் இருமிக்கொண்டிருந்தது. பத்தொன்பது வருடமாக அவர் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. அந்த வருடங்களில் பாதியை இது போன்ற பெஞ்சுகளில்தான் கழித்திருந்தார். மறுமுனையில் பேசியவர் மதுரையில் இருக்கும் ஏரியா மேனேஜர் மரியசெல்வம்.

"நான் தியேட்டருக்குப் போயி வருசமாச்சு சார்."

"இதையேதான் சடையாண்டியும் சொன்னாரு" என்று சொல்லி மரியசெல்வம் போனை வைத்தார்.

அது 2009ஆம் வருடம். ஆடி மாதம் கம்பெனி எல்லாருக்கும் ஜிபிஎஸ் உள்ள புதுப் போன் கொடுத்தது. டாக்டரிடம் போனதும் ஒரு பட்டனை அமுக்க வேண்டும். அந்த நேரத்தில் ஆள் எங்கே நிற்கிறார் என்பது சென்னை ஆபீஸ் வரைபடத்தில் புள்ளியாக விழும். இரண்டே மாதத்தில், பெலிக்ஸுடன் வேலை பார்த்த இன்னொரு பிரதிநிதி சடையாண்டியின் புள்ளிகள் அடிக்கடி ரயில்வே ஸ்டேஷன் பக்கமிருந்த ஒரு சினிமா தியேட்டர் மேல் விழுந்தன. மீட்டிங்கில் எல்லார் முன்னிலும் மரியசெல்வம் அந்த வரைபடத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். "என்ன படம் சடையாண்டி, நல்லாருந்துச்சா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். பெலிக்ஸும் லேசாகச் சிரித்தார். அடுத்த வாரம் சடையாண்டியிடம் ராஜினாமா எழுதி வாங்கிவிட்டார்கள்.

இப்போது தன் முறை வந்துவிட்டது என்று பெலிக்ஸ் நினைத்தார். கோபம்கூட வரவில்லை. உடம்பு முழுக்க ஓர் அசதி மட்டும் இறங்கியது. அன்று இரவுச் சாப்பாட்டின்போது மனைவி வினோலியாவிடம் சொன்னார். "இந்த வயசுல இனி யாரு வேலை குடுப்பா?" அவள் அவர் தட்டில் தொட்டுக்கொள்ள வெஞ்சனத்தை இன்னொரு கரண்டி வைத்தாள். "அந்தாள நேர்ல வரச் சொல்லுங்க. உங்க பக்கத்துல உக்காந்து பாக்கட்டும்" என்றாள்.

அதைத்தான் அவர் செய்தார். மாதம் ஒருமுறை மேனேஜர் கூடவே வந்து டாக்டர்களைப் பார்ப்பது வழக்கம். இந்த முறை அதே ஆஸ்பத்திரிக்குத்தான் முதலில் போக வேண்டும் என்று பெலிக்ஸ் கேட்டுக்கொண்டார்.

மரியசெல்வம் வந்தபோது வெயில் ஏறியிருந்தது. குறுகலான சந்தில் மூன்று மாடிக் கட்டடம் அது. பின்பக்கம் தகரக் கூரை போட்ட தோல் குடோன். தெருவில் நின்றே பெலிக்ஸ் போனில் சாட்டிலைட் பக்கத்தைத் திறந்து காட்டினார். கிடைக்கும் சாட்டிலைட்டுக்கு ஒன்றாக ஏழு கோடுகள் உயரமாக நின்றன. வரைபடப் புள்ளி ஆஸ்பத்திரி வாசலிலேயே இருந்தது.

"சரியாத்தான இருக்கு?" என்றார் மரியசெல்வம்.

"உள்ள வாங்க சார்."

படி ஏறியதும் கோடுகள் நாலாகின. அவையும் குட்டையாகின. புள்ளி சந்தைத் தாண்டி எதிர்வீட்டு மாடிக்குப் போனது, அங்கிருந்து குடோனுக்குத் தாவியது. இருவரும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. நடைக்கூடத்தின் கடைசிக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்தபோது ஒரு கோடுகூட இல்லை.

மரியசெல்வம் தன் போனிலும் பட்டனை அமுக்கினார். பிறகு அந்தத் திரையை மூடாமல், பெலிக்ஸின் சொந்தப் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டு, சென்னையில் இந்த வேலையைக் கவனிக்கும் இசைவாணியைக் கூப்பிட்டார்.

"இப்ப நான் எங்க இருக்கேன்னு பாத்துச் சொல்லும்மா."

மறுமுனையில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. "தியேட்டர்னு காட்டுது சார்."

மரியசெல்வம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "எப்படிம்மா?"

"மேல சுத்துற ஒவ்வொரு சாட்டிலைட்டும் தன்னோட நேரத்தை அனுப்பிக்கிட்டே இருக்கும் சார். அது கிளம்பின நேரம், போனுக்கு வந்து சேர்ந்த நேரம், இந்த வித்தியாசத்தை வச்சுத்தான் ஒவ்வொண்ணும் எவ்வளவு தூரத்துல இருக்குன்னு போன் கணக்குப் போடும். நாலு சாட்டிலைட்டாவது கேட்டாத்தான் இடம் சரியா கிடைக்கும். ஆனா இருபதாயிரம் கிலோமீட்டர் தாண்டி வர்ற சிக்னல், ரொம்ப மெலிசு. கான்கிரீட்டும் தகரமும் அதைத் தடுத்துடும். சுவத்துல பட்டுத் திரும்பி வந்தா, சுத்தி வந்த தூரத்தையும் சேத்து எண்ணிடும். அப்ப புள்ளி தள்ளிப் போயிடும்."

"ஒண்ணுமே கேக்கலைன்னா?"

"பேசுறதுக்கு எந்த டவரைப் பிடிச்சிருக்கோ, அந்த டவர் இருக்கற இடத்தையே அனுப்பிடும் சார்."

அந்த டவர் தியேட்டருக்கு ஒட்டின கட்டடத்து மாடியில் நிற்பது பெலிக்ஸுக்குத் தெரியும். தினமும் அதைத் தாண்டித்தான் போய்வருகிறார். சடையாண்டியும் இதே பெஞ்சில்தான் காத்திருப்பார்.

"சாட்டிலைட் சொன்ன இடமா, டவர் இடமான்னு ரிப்போர்ட்டுல தெரியாதாம்மா?"

"எங்க பக்கம் தெரியும் சார். இவ்வளவு தூரம் தப்பா இருக்கலாம்னு ஒரு அளவு வரும். புள்ளி மட்டும் போதும், மத்ததெல்லாம் குழப்பும்னு மேனேஜருங்க சொன்னதால அதை எடுத்துட்டோம்."

யார் சொன்னது என்று மரியசெல்வம் கேட்கவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, டாக்டர் கூப்பிடும்வரை எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "சடையாண்டி இப்ப எங்க இருக்காரு?" என்று ஒருமுறை கேட்டார்.

வடமதுரையில், உரக்கடை ஒன்றில் இருப்பதாகப் பெலிக்ஸ் சொன்னார். மதியம் பெலிக்ஸின் வண்டியிலேயே இருவரும் போனார்கள். திருச்சி ரோட்டில் அனல் முகத்தில் அடித்தது.

கடையில் சடையாண்டி மூட்டை இறக்கும் ஆட்களுக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தார். மேனேஜரைப் பார்த்ததும் முகம் இறுகியது. பெலிக்ஸிடம் மட்டும், "வாங்கண்ணே" என்றார்.

மரியசெல்வம் நடந்ததை முழுதாகச் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. "தப்பு எங்க மேல. நீங்க திரும்பி வந்துடுங்க. நான் மேல பேசி சரி பண்றேன்."

சடையாண்டி கையில் ஒட்டியிருந்த உரத்தூளைத் தட்டினார். "வேலைக்கு வரல சார். எனக்கு அந்தத் தெம்பு இல்ல. ஒண்ணு மட்டும் செய்யுங்க. எங்க வீட்டுக்கு வந்து, என் சம்சாரம் மாயம்மாகிட்ட இதைச் சொல்லுங்க."

"இப்பவா?"

"மீட்டிங்குல சிரிச்சவுங்கள்ல ஒருத்தரோட சம்சாரம் அவளோட சேந்து படிச்சவ. அப்படித்தான் ஊருக்குள்ள வந்துருச்சு. படம் பாத்தே வேலையத் தொலைச்சவன்னு பேரு. அவ என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல சார். அதான் தாங்கல."

பெலிக்ஸ் தரையைப் பார்த்தார். "நானும்தான் சிரிச்சேன் அப்பு."

"தெரியும்ணே" என்றார் சடையாண்டி. அதில் கோபம் இல்லை.

வீடு கடைக்குப் பின்தெருவில் இருந்தது. மாயம்மாள் கதவோரம் நின்றபடியே கேட்டாள். மரியசெல்வத்துக்கு மீட்டிங்கில் வந்த பேச்சு இங்கே வரவில்லை. சாட்டிலைட், சுவர், டவர் என்று ஆரம்பித்துத் தடுமாறினார். கடைசியில், "உங்க வீட்டுக்காரரு அன்னிக்கெல்லாம் ஆஸ்பத்திரி பெஞ்சுலதாம்மா உக்காந்திருந்தாரு. நான்தான் தியேட்டர்னு சொன்னேன். அது பொய்" என்று முடித்தார்.

அவள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

"அவரு போகலைன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "கேட்டா, நானும் சந்தேகப்பட்ட மாதிரி ஆயிரும்னுதான் கேக்கல."

சடையாண்டி சட்டென்று திரும்பி அவளைப் பார்த்தார். இத்தனை நாளும் அவள் கேட்காததை, ஊர்ப்பேச்சை நம்பிவிட்டாள் என்றே எடுத்துக்கொண்டிருந்தார் போலும். அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"உக்காருங்க, காப்பி போடுறேன்" என்று மாயம்மாள் உள்ளே போனாள்.

அந்த மாதக் கடைசியில் கம்பெனியிலிருந்து புது உத்தரவு வந்தது: கட்டடத்துக்குள் போகும் முன், திறந்த வெளியில் நின்று, சாட்டிலைட் கிடைத்தபின் பட்டனை அமுக்க வேண்டும். சடையாண்டியின் இடத்துக்குப் புது ஆள் வந்தார். பெலிக்ஸ் இப்போது ஒவ்வொரு ஆஸ்பத்திரி வாசலிலும் வெயிலில் போனை ஏந்திக்கொண்டு நிற்கிறார். கோடுகள் ஒவ்வொன்றாக எழும்பும்வரை, அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அவரைத் தாண்டி உள்ளே போய் பெஞ்சில் இடம் பிடித்துக்கொள்கிறார்கள்.