அண்ணியின் சளி டப்பா

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், சைக்கிள் நிறுத்தும் இடத்தில் மைக்கைப் பிடித்து நின்றேன். நான் சுகாதார ஊழியர். கையிலிருந்த தாள் நானே எழுதியது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்ச் சோதனை செய்யுங்கள். சோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். விடாமல் சாப்பிட்டால் குணமாகும். இவ்வளவு நல்ல சேதிக்குக் கூட்டம் கொட்டாவி விட்டது.

"இருமாத மனுஷன் யாரும்மா இருக்கா?" என்றார் மாடி வீட்டுப் பெயிண்டர். சோதனைக்குச் சளி பிடித்துத் தரும் டப்பாவை வாங்க ஒருத்தரும் வரவில்லை. எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது.

அப்போது என் அண்ணி எழுந்தார். இடுப்பில் குழந்தை. இந்தக் கட்டடத்தில் பாதிப் பேருக்குத் துணி தைப்பவர் அவர்தான்.

"நானும் போன மாசம் கொடுத்தேன். பயப்பட ஒண்ணுமில்ல. துப்பிக் கொடுத்தா முடிஞ்சுது. கிருமி இல்லைன்னுட்டாங்க."

கூட்டம் நிமிர்ந்தது. பெயிண்டரே டப்பாவுக்குக் கை நீட்டினார். அண்ணியைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அதற்குள் அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு இருமினார். பக்கத்து வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தினமும் எனக்குக் கேட்கிற அதே இருமல். ஆளும் பாதியாகியிருந்தார்.

"எப்படிக் கொடுத்தீங்க, அண்ணி?"

"ஆஸ்பத்திரி வரிசையில ஆம்பளைங்க நின்னாங்க. அவங்க முன்னாடி காறவா முடியும்? வாயில வந்ததைத் துப்பினேன்."

வாயில் ஊறும் எச்சிலில் கிருமி அகப்படாமல் போகலாம். நெஞ்சின் அடியிலிருந்து வரும் சளி வேண்டும். இதைச் சொன்னால் அண்ணிக்கு நோய் இருக்கலாம் என்று ஊருக்கே அறிவித்தது போலாகும். அப்புறம் யார் துணி கொடுப்பார்கள்? சொல்லாவிட்டால் எல்லோரும் எச்சிலைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள். அண்ணியும்தான். குழந்தை அவர் கழுத்தில் முகம் புதைத்திருந்தது.

மைக்கை அணைத்துவிட்டுக் கிட்டே போனேன். "அது எச்சில், அண்ணி. மறுபடியும் கொடுக்கணும்."

மெதுவாகத்தான் சொன்னேன். முன்வரிசைக்குக் கேட்டுவிட்டது. பக்கத்து நாற்காலி ஒன்று நகர்ந்தது.

அண்ணி அந்த நாற்காலியைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. குழந்தையை என்னிடம் கொடுத்து, "அத்தைகிட்ட இரு" என்றார். ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே, ஆள் இல்லாத மதிலோரம் போனார். குழாயில் வாய் கொப்பளித்தார். மூச்சை இழுத்துப் பிடித்து இருமினார். எல்லோருக்கும் கேட்கும்படி, அடிவயிறு குலுங்க, திரும்பத் திரும்ப. கடைசியில் டப்பாவில் கெட்டியாக ஏதோ விழுந்தது. மூடியை இறுக்கினார்.

"இப்படித்தான் கொடுக்கணும்," என்றார் தூரத்தில் நின்றபடியே. "கூச்சப்பட்டா என்னை மாதிரி ரெண்டாந்தடவை அலையணும்."

பெயிண்டர் டப்பாவோடு எழுந்து மதிலின் மறுபக்கம் போனார்.

குழந்தை அம்மாவிடம் போகத் தாவியது. அண்ணி கிட்டே வரவில்லை. "எனக்கு இருந்தா அவனுக்கும் சோதிக்கணுமா?" என்று அங்கிருந்தே கேட்டார்.

என் தாளில் இன்னும் படிக்காத கடைசி வரியே அதுதான். நானே எழுதியது. ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.